ஊசியில் நூல் கோர்க்கும் நேரம்

கோத்தகிரியில் டிசம்பர் மாதக் காலையில் விரல் மடங்கவில்லை என்று சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இங்கே யாருக்குத்தான் மடங்குகிறது? வெந்நீரில் கையை விட்டு எடுத்து, அடுப்போரம் கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஒன்பது மாதம், கையிலிருந்த பணம், வலது காலில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டை என்ன என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு அப்போது 41 வயது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். 17 வருஷமாக ப்ளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். 2022 டிசம்பரில் முதலில் மோதிரம் இறுக ஆரம்பித்தது. காலையில் கழற்ற வராது, சாயங்காலம் தானாக வழுக்கும். அப்புறம் பாதம். படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தரையில் ஊன்றினால், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் யாரோ கூழாங்கற்களை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருக்கும். புதுச் செருப்பு சரியில்லை என்று அதை மாற்றினேன். பொங்கல் நெருங்கும்போது இரண்டு கைகளிலும் விரல்களின் அடிமூட்டு, அதாவது முஷ்டியை மடக்கினால் மேடாகத் தெரிகிறதே அந்த மூட்டுகள், புசுபுசுவென்று வீங்கின. காலையில் பேஸ்ட் ட்யூப் மூடியைத் திருக முடியவில்லை. கடை ஷட்டரைத் தூக்க பக்கத்து டீக்கடைத் தம்பியைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனால் பதினோரு மணி ஆனால் கத்திரி பிடிக்க வந்துவிடும். மத்தியானம் நான் தைப்பதைப் பார்ப்பவர்களுக்கு எனக்கு ஏதோ இருக்கிறது என்றே தெரியாது. காலையில் ஏன் அப்படி அழுதேன் என்று எனக்கே சாயங்காலத்தில் வெட்கமாக இருக்கும்.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். வலி ஊசி ஒன்று, ஐந்து நாளைக்கு மாத்திரை. மாத்திரை இருக்கும் வரை வலி குறையும், முடிந்த மறுநாள் பழையபடி. நான்காவது தடவை போனபோது ரத்தம் எடுக்கச் சொன்னார். யூரிக் ஆசிட், ஆர்ஏ ஃபேக்டர், அப்புறம் இரண்டு கைகளுக்கும் எக்ஸ்ரே. யூரிக் ஆசிட் சரியாக இருந்தது. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "வாதம் இல்லம்மா, வேலை செஞ்சு செஞ்சு தேய்மானம், இந்தக் குளிர் வேற" என்றார். கால்சியம் மாத்திரையும், எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பை வளர்க்கும் என்று சொல்லப்பட்ட விலை உயர்ந்த மாத்திரை ஒன்றும் எழுதிக் கொடுத்தார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வாதம் இல்லை என்று காகிதமே சொல்லிவிட்டதே!

அந்தக் காகிதத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் முடக்கு வாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், இல்லை என்று ஆகிவிடாது. நோய் உள்ளவர்களில் ஒரு பங்கினருக்கு, அதிலும் ஆரம்ப மாதங்களில், அது நெகட்டிவாகவே வரும். அதேபோல் ஒரு நோயும் இல்லாத வயதானவர்கள் சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். அது எலும்பைக் காட்டும். நோய் தொடங்குவது எலும்பில் இல்லை, மூட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில். எலும்பு அரிக்கப்பட்ட பிறகுதான் எக்ஸ்ரேக்கு விஷயம் தெரியவரும். அதனால் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது நல்ல சேதிதான், ஆனால் "நோய் இல்லை" என்ற சேதி அது இல்லை. இதை எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் பாதி ஊர் சுற்றியிருக்க மாட்டேன்.

என் வீட்டிலேயே இன்னொரு மூட்டு வலிக்காரர் இருந்ததால் குழப்பம் கூடிப்போனது. அம்மாவுக்கு 71 வயது. 38 வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எங்கள் இருவருக்கும் ஒரே தைலம், ஒரே ஒத்தடம், பல நாள் ஒரே மாத்திரைகூட. "எனக்கு இருக்கறதுதான் உனக்கும் வந்திருக்கு புள்ள" என்று அம்மா சொல்வார். நானும் பரம்பரை என்று தலையாட்டுவேன். ஒரே வீட்டில், ஒரே குளிரில், இரண்டு வேறு வேறு நோய்கள் அடுத்தடுத்த பாயில் படுத்திருந்தன என்பது ஒன்பது மாதம் கழித்துத்தான் புரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் வித்தியாசம் எல்லாமே முன்னாலேயே இருந்தது.

அம்மா காலையில் எழுந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுப்படிக்குப் போய் காபிக்குத் தண்ணீர் வைப்பதற்குள் கால் வந்துவிடும். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. எனக்கு ஆறு மணிக்கு எழுந்தால் ஒன்பதரை ஆகும் விரல் என்னுடையதாக ஆக. அம்மாவுக்கு நடக்க நடக்க வலி ஏறும். சந்தைக்குப் போய் வந்தால் சாயங்காலம் உட்கார்ந்துவிடுவார். எங்கள் தெரு இறக்கத்தில் இருக்கிறது, மேடு ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டம். எனக்கு வேலை செய்யச் செய்யக் கை இளகும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்து ஓய்வெடுத்தால் திங்கட்கிழமை காலை இன்னும் மோசமாக இருக்கும். அம்மாவின் விரல் நுனி மூட்டுகளில், நகத்துக்குக் கீழே, கல் மாதிரி கெட்டியான முண்டு இருக்கும். எனக்கு நகத்தடி மூட்டுகள் எல்லாம் சுத்தம். வீக்கம் அடிமூட்டிலும் நடுமூட்டிலும் மணிக்கட்டிலும்தான், அதுவும் தொட்டால் மெத்தென்று, கொஞ்சம் சூடாக. அம்மாவுக்கு வலி முழங்காலோடு சரி, உடம்பு தெம்பாக இருக்கும். எனக்கு உடம்பே அடித்துப் போட்ட மாதிரி, லேசாகக் காய்ச்சல் வரப்போகிற மாதிரி, நாள் முழுக்க அசதி. நான்கு கிலோ குறைந்தும் இருந்தேன். இடது கையில் எது வீங்குமோ அதுவே வலது கையிலும் வீங்கும்.

குளிர்தான் காரணம் என்றால் ஏப்ரலில் போயிருக்க வேண்டும். ஏப்ரலில் இங்கே சீசன் களைகட்டியது, வெயில் நன்றாக அடித்தது, கம்பளி பெட்டிக்குள் போனது. விறைப்பு மட்டும் போகவில்லை. குளிர் வலியைக் கூட்டிக் காட்டும், நோயைக் கொண்டுவருவதில்லை. மலையில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு தனி ஆபத்து என்று நினைக்கிறேன். சமவெளியில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இப்படி மணிக்கணக்கில் கை மடங்காமல் போயிருந்தால் ஒரு வாரத்தில் பதறியிருப்பாள். நமக்கு ஸ்வெட்டரும் வெந்நீரும் பதில் சொல்லிவிடுகின்றன.

ஏப்ரல் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் சொல்லி, கீழே சமவெளியில் ஒருவரிடம் போனேன். பெயர், சீட்டு எதுவும் ஒட்டாத பொட்டலங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. மாதம் 2,800 ரூபாய். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு எழுந்து கையை மடக்கினேன், மடங்கியது. அழுதுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. மூன்று மாதத்தில் முகம் உப்பி நிலா மாதிரி ஆனது, பசி தாங்கவில்லை, "நல்லா தேறிட்டீங்க அக்கா" என்று ஊரே சொன்னது. வெறும் வயிற்றில் சர்க்கரை 148. நான்காவது மாதக் கடைசியில் பொட்டலம் தீர்ந்து, மழையில் கீழே போக முடியாமல் நான்கு நாள் தள்ளிப்போனது. ஐந்தாம் நாள் கட்டிலிலிருந்து எழவே முடியவில்லை. முன்பு வராத தோளும் முழங்காலும் சேர்ந்து பிடித்துக்கொண்டன, தலை சுற்றி வாந்தி. அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று நான் எங்கும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் பார்த்த டாக்டர் என் முகத்தையும் கதையையும் வைத்து ஸ்டீராய்டு என்றுதான் எடுத்துக்கொண்டார். இங்கே ஒரு விஷயம். நீங்களும் இப்படி ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மீதிப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், இத்தனை மாதம் சாப்பிட்டேன் என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். படிப்படியாகக் குறைப்பது அவர் வேலை.

என்னைச் சரியான இடத்துக்கு அனுப்பியது ஒரு நர்ஸ். ப்ளவுஸுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். அளவு டேப் என் கையிலிருந்து மூன்று தடவை நழுவியது. "கையைக் காட்டுங்க அக்கா" என்று வாங்கி, நான்கு விரல்களின் அடிமூட்டையும் பக்கவாட்டில் சேர்த்து, கைகுலுக்குகிற மாதிரிதான், மெதுவாக அழுத்தினார். உயிர் போய் வந்தது. "காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க? எத்தனை மணிக்குக் கை வேலைக்கு வரும்?" என்று கேட்டார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் மணிக்கணக்கு கேட்டார். அதுவரை எல்லோரும் "வலிக்குதா, எங்க வலிக்குது" என்றுதான் கேட்டார்கள், நானும் வலியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். எலும்பு டாக்டரிடம் போகாதீர்கள், வாத நோய்களுக்கென்றே ருமட்டாலஜிஸ்ட் என்று தனியாக இருக்கிறார்கள், கோயம்புத்தூரில் பாருங்கள் என்றார்.

மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய்ச் சேர மூன்று மணி நேரம். டாக்டர் கையிலும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் முழங்காலிலும் ஒவ்வொரு மூட்டாகக் கட்டைவிரலால் அழுத்தி, எது வீக்கம், எது வலி என்று தனித்தனியாக எண்ணினார். அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்தார். அதுவரை ஒருவர்கூட என் பாதத்தைப் பார்த்ததில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் 62, சிஆர்பியும் ஏறியிருந்தது. ஆர்ஏ ஃபேக்டர் இப்போதும் நெகட்டிவ்தான். ஆனால் ஆன்டி சிசிபி என்று இன்னொரு டெஸ்ட் எடுத்தார்கள், அது மிக அதிகமாக இருந்தது. மூட்டு வீக்கத்தோடு அது பாசிட்டிவாக இருந்தால் பெரும்பாலும் முடக்கு வாதம்தான், அதிலும் எலும்பை அரிக்கும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். கை எக்ஸ்ரே அப்போதும் சுத்தமாக இருந்தது. பாதத்தின் எக்ஸ்ரேயில், வலது கால் சுண்டுவிரலின் அடிமூட்டில், எலும்பின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். முதலில் சொன்ன ஓட்டை இதுதான். பல பேருக்கு எலும்பு அரிப்பு முதலில் தெரிவது அந்த இடத்தில்தானாம். "இது திரும்ப மூடுமா டாக்டர்?" என்று கேட்டேன். "இது இப்படியேதாம்மா இருக்கும். இன்னொண்ணு வராமப் பாத்துக்கலாம்" என்றார்.

என்ன நடக்கிறது என்று அவர் சொன்னதை நான் என் தொழில் மூலமாகத்தான் புரிந்துகொண்டேன். கோட்டுக்கு உள்ளே லைனிங் துணி வைப்போமே, அதுபோல மூட்டுக்கு உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய எண்ணெய் மாதிரி ஒரு நீரைச் சுரப்பது அதன் வேலை. அம்மாவுக்கு நடந்தது முழங்கை தேய்ந்த கோட்டு மாதிரி. வருஷக்கணக்காக எடை தாங்கி, எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு இற்றுப்போயிருக்கிறது. எனக்குத் தேய்மானமே இல்லை. நோய் எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் அந்த லைனிங்கை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. லைனிங் தடித்து, ஊறி, ஓரத்திலிருந்து எலும்பைத் தின்ன ஆரம்பிக்கிறது. இந்த அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் ரத்தத்தில் ஏறுகின்றன. அதோடு இரவு முழுக்க அசையாமல் கிடப்பதால் வீங்கிய மூட்டில் நீர் தேங்கிவிடுகிறது. அதனால்தான் காலையில் அந்த விறைப்பு, அசைய அசைய இளக்கம். தேய்மானத்தில் விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அதோடு வீக்கமும் இருந்து, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், சவ்வைச் சந்தேகப்பட வேண்டும். விறைப்பை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டிவிடவும் கூடாது. சிக்குன்குனியா வந்து போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் இப்படி இருக்கும், தைராய்டு குறைந்தாலும் உடம்பு பிடிக்கும். அதைப் பிரித்துச் சொல்லத்தான் டாக்டர் வேண்டியிருக்கிறது.

வலி மாத்திரை பற்றியும் அன்றுதான் தெளிந்தது. அது வலியைக் குறைக்கும், வீக்கத்தைக்கூடக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்தாது. வலி இல்லாத மத்தியானங்களில் நான் குஷியாகத் தைத்துக்கொண்டிருந்தபோதும் சுண்டுவிரலில் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அரிப்பை நிறுத்துவது வேறு வகை மருந்து, நோயின் போக்கையே மாற்றும் மருந்து. அதில் முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். நோய் ஆரம்பித்த முதல் சில மாதங்களுக்குள், முடிந்தால் மூன்று மாதத்துக்குள், தொடங்கிவிட்டால் நோய் அடங்கும் வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வருஷத்திலேயே நிறையப் பேருக்கு எலும்பு அரிப்பு தொடங்கிவிடுகிறது. இழந்த எலும்பை எந்த மாத்திரையும் திரும்பக் கட்டித் தராது என்பதால்தான் அவசரம். நான் ஒன்பது மாதம் கழித்துப் போனேன். "இன்னும் தாமதமாகலை, ஆனா சீக்கிரமும் இல்லை" என்றார் டாக்டர்.

தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டார். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது, எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொன்னால் வேறு மருந்து தரலாம் என்றார். எனக்கு வாரத்துக்குப் பத்து மில்லிகிராமில் தொடங்கி ஒரு மாதம் கழித்துப் பதினைந்து. பொட்டல ஸ்டீராய்டுக்குப் பதிலாக அளவு தெரிந்த ஸ்டீராய்டைக் கொஞ்சமாகக் கொடுத்து, ஐந்து மாதத்தில் படிப்படியாக இறக்கினார். கூடவே அதே வகையில் இன்னொரு மருந்து, ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின். அது கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனை.

இப்போது சொல்லப்போவதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்வதையே நிறுத்திவிடும், ஆளே போய்விடலாம். டாக்டர் சீட்டில் "செவ்வாய் இரவு மட்டும்" என்று வட்டம் போட்டிருந்தார். மருந்துக் கடையில் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லா மாத்திரைக்கும் போடுகிற மாதிரி கவரில் "இரவு 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு, தினமும் என்றுதான் அதைப் படிக்கும் யாரும் நினைப்பார்கள். அந்த வட்டம் ஞாபகம் இருந்ததால் தப்பித்தேன். அன்றைக்கே காலண்டரில் எல்லாச் செவ்வாய்க்கும் சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டேன். மாத்திரைப் பட்டை அம்மாவின் மாத்திரை டப்பாவுக்குள் போகாமல் தனியாகப் பீரோவில் இருக்கிறது. மறுநாள் புதன்கிழமை ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் ஒன்று. குமட்டலும் வாய்ப்புண்ணும் குறைய அது உதவுகிறது.

முதல் ஆறு வாரம் எனக்கு ஒரு பெரிய சோதனை. பொட்டலம் மூன்று நாளில் செய்த வித்தையை இந்த மருந்து செய்யவில்லை. புதன்கிழமை காலையில் குமட்டல், தலை பாரம். அதற்குள் பெட்டிமேல் இருந்த பெயரைப் படித்த உறவினர் ஒருவர், "இது கேன்சர் மருந்தாமே, உனக்கு எதுக்கு?" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். கேன்சருக்கும் தருவார்கள்தான், ஆனால் அதற்கு அளவு பல மடங்கு அதிகம். நான்காவது வாரம் நிறுத்திவிடலாமா என்று டாக்டருக்குப் போன் செய்தேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அதற்கு முன் முடிவு செய்யாதீர்கள் என்றார். நம்பிக்கை வரவில்லை. அதனால் அளந்து பார்ப்போம் என்று தோன்றியது. தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து, ஊசியில் நூல் கோர்த்துப் பார்ப்பது. எந்த மணிக்குக் கோர்க்க முடிகிறதோ அதை ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவது. வலி ஏழா எட்டா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, இது தெரியும்.

நான்காவது வாரம் 9.40. ஆறாவது வாரத்திலும் 9 மணி. எட்டாவது வாரம் 8.10. பத்தாவது வாரத்தில் ஒருநாள் 7.15 என்று எழுதிவிட்டுக் கடிகாரம் நின்றுவிட்டதா என்று பார்த்தேன். ஆறாவது மாதம் 6.15, அதற்குக் கீழே எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவதா, இன்னும் ஒரு மருந்து சேர்ப்பதா என்று முடிவு செய்தார். நீங்கள் தையல்காரராக இருக்க வேண்டியதில்லை. சட்டைப் பட்டன், முறுக்கு பிழிவது, பைக் கிளட்ச், ஏதாவது ஒரே வேலையை வைத்து மணியை எழுதிக் கொண்டுபோங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு நம் கையைப் பார்க்கும் டாக்டருக்கு அந்தக் காலை தெரிய வேறு வழியில்லை. முடிந்தால் காலையில் வீங்கிய கையைப் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இது. டாக்டர் ஃபீஸ், ஊசி 6,400. முதல் டெஸ்டுகள் 3,200. கால்சியம், குருத்தெலும்பு மாத்திரை 7,500. பொட்டலம் 11,200. தைலம், ஒத்தடம் 3,500. மொத்தம் 31,800 ரூபாய், எதுவும் உதவாத விஷயங்களுக்கு. ஜூன் பள்ளித் திறப்புக்கான யூனிஃபார்ம் ஆர்டரை மே மாதமே பாதியை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டேன், பொட்டலம் வேலை செய்தாலும் கையை நம்பப் பயமாக இருந்தது. அதில் ஒரு 45,000 போயிருக்கும். இப்போது மாத்திரைக்கு மாதம் 600 ரூபாய்க்குள் முடிகிறது. மருந்து அப்படி ஒன்றும் விலை அதிகம் இல்லை, அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் அதிகம். அப்புறம் ரத்தப் பரிசோதனை, முதலில் மாதா மாதம், இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதைத் தவறவிடுவதில்லை, ஏனென்றால் கல்லீரல் கெடுவதும் வெள்ளணு குறைவதும் நமக்கு உடம்பில் தெரியாது. ஐந்தாவது மாதம் கல்லீரல் எண் கொஞ்சம் ஏறி, இரண்டு வாரம் மருந்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். நல்ல காய்ச்சல் வந்தால் அந்த வாரம் மாத்திரை போடாமல் டாக்டரைக் கேட்பேன். சளிக்கோ நீர்க்கடுப்புக்கோ வேறு யாராவது ஆன்டிபயாட்டிக் எழுதினால், செவ்வாய் மாத்திரை பற்றி முதலிலேயே சொல்லிவிடுவேன். அவற்றில் கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஒன்று இதோடு சேரவே கூடாது.

நான் எழுந்து நடமாடுவதைப் பார்த்து அம்மா ஒருநாள், "எனக்கும் அந்த வார மாத்திரையில ரெண்டு குடேன்" என்றார். அவரையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். தேய்ந்த முழங்காலுக்கு இந்த மருந்து வேலை செய்யாது, வீணாகக் கல்லீரலைக் கெடுக்கும் என்று டாக்டர் சொன்னார். அவருக்குக் கொடுத்தது தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிப்பது, ஒரு காலுக்குப் பத்து தடவை. இறக்கத்துக்கு ஒரு கைத்தடி, வலி கூடும் நாளில் பாராசிட்டமால். ஒரு மாதம் முணுமுணுத்தார். இப்போது தெருமுனைக் கடை வரை இறங்கிப் போகிறார், தடியை மட்டும் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு.

2024 கடைசியில் என் பாதத்துக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுண்டுவிரல் அடிமூட்டின் மேல் பேனாவை வைத்துக் காட்டினார். அந்தப் பள்ளம் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. கையிலும் காலிலும் இரண்டாவது ஒன்று எங்கேயும் இல்லை.